ஆண்மைக்குறைவும் மாரடைப்பும்: ஒரு சின்ன வரலாறு

ஓபியில் கூட்டம் குறைஞ்ச பிறகு சிலர் தயங்கித் தயங்கி வருவாங்க. "டாக்டர், கொஞ்ச நாளா விறைப்புத்தன்மை சரியில்லை. ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க, போதும்."

நான் முதலில் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பார்ப்பேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

பிரான்சின் அறுவை சிகிச்சை நிபுணர் ரெனே லெரிஷ், 1923லும் 1940லும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். நடந்தால் காலில் வலி, தொடையில் நாடித் துடிப்பு இல்லை, கூடவே விறைப்புக் குறைவு. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அடிவயிற்றில் பெருந்தமனி அடைபட்டிருந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள், விறைப்புக் குறைவு என்றாலே பெரும்பாலும் மனப் பிரச்சனை என்றுதான் மருத்துவ உலகம் நினைத்தது.

2003இல் மிலான் நகர மருத்துவர் பிரான்செஸ்கோ மோன்டோர்சியின் குழு, நெஞ்சுவலியோடு வந்து ஆஞ்சியோவில் அடைப்பு உறுதியான 300 ஆண்களிடம் விசாரித்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு விறைப்புப் பிரச்சனை இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, இதய அறிகுறிக்கு முன்பே அது வந்திருந்தது. சராசரியாக 3 வருஷத்துக்கும் மேல் இடைவெளி!

ஏன் முதலில் அங்கே? மோன்டோர்சி சொன்ன விளக்கம் எளிது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1-2 மில்லிமீட்டர்தான். இதயக் குழாய் 3-4 மில்லிமீட்டர். ஒரே அளவு கொழுப்பு படிந்தாலும், சின்னக் குழாய்தான் முதலில் திணறும். போதாததற்கு, குழாயின் உட்சுவர் கெட்டால் நைட்ரிக் ஆக்சைடு குறையும். அது இல்லாமல் குழாய் விரியாது.

"அவங்க ஏற்கெனவே இதய நோயாளிகள்தானே?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2005இல் அமெரிக்காவில், புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான ஆண்களின் பல வருஷப் பதிவுகளை அலசினாங்க. புதிதாக விறைப்புக் குறைவு வந்தவர்களுக்குப் பிற்பாடு இதய நோய் வருவது அதிகமாக இருந்தது.

அதுக்காக எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று அர்த்தமில்லை. திடீர்னு ஆரம்பிச்சு, காலை விறைப்பு இயல்பாக இருந்தால் மனக்காரணமாக இருக்கலாம். மெல்ல மெல்லக் குறைஞ்சு, காலையிலும் இல்லை என்றால் ரத்தக்குழாயைச் சந்தேகிக்கணும். அதுவும் 40களில், புகைப்பழக்கமோ சுகரோ இருப்பவர் என்றால் கட்டாயம்.

இன்னொன்று. சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் சோதிக்கப்பட்டது. 1998இல் விறைப்புக் குறைவுக்கு அனுமதி கிடைத்தது. அதை நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்த்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடையில் தானாக வாங்காதீங்க.

லாட்ஜ் வைத்தியரிடம் போய்க் கழிக்கும் அந்த 3 வருஷம்தான், இதயத்தைக் காப்பாற்றக் கிடைத்த அவகாசம். வெட்கப்படாம வாங்க, பார்த்துக்கலாம்.