மோதிர அளவு: வீட்டில் எடுக்கும் முறையும் கோடையில் விரல் வீங்கும் காரணமும்

மோதிர அளவு என்பது மோதிரத்தின் உட்புறச் சுற்றளவைக் குறிக்கும் எண் அல்லது எழுத்து. சில நாடுகளில் சுற்றளவை நேரடியாகவும், சில நாடுகளில் உள்விட்டத்தின் வழியாகவும் சொல்கிறார்கள். விரலோ ஒரே அளவில் நிற்பதில்லை. காலை, மாலை, மார்கழி, சித்திரை என்று காலத்துக்கேற்ப ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறைகிறது. அதனால் மோதிர அளவு எடுப்பவர் விரலைச் சரியாக அளந்தால் போதாது, சரியான நேரத்திலும் அளக்க வேண்டும்.

அளவு முறைகள்

இன்று உலகுக்குப் பொதுவான முறை ISO 8653 என்னும் தரநிலை. 1986இல் முதலில் வெளியாகி 2016இல் திருத்தப்பட்டது. இதன்படி மோதிரத்தின் உட்சுற்றளவு எத்தனை மில்லிமீட்டரோ அதுவே அளவெண். 54 என்று பொறித்திருந்தால் உள்ளே 54 மி.மீ. சுற்றளவு என்று பொருள். குழப்பத்துக்கு இடமில்லாத, மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்த முறை இது.

பிரிட்டனில் ஆங்கில எழுத்துகளே அளவு. 1945ஆம் ஆண்டின் தரநிலை விட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போனால் விட்டம் ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு கூடும். 1987இல் வந்த தரநிலை இதைச் சுற்றளவுக்கு மாற்றியது. C என்ற எழுத்து 40 மி.மீ.; அதிலிருந்து எழுத்துக்கு 1.25 மி.மீ. வீதம் ஏறும். அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு விட்டம் கூடினால் சுற்றளவு கூடுவதும் ஏறக்குறைய 1.25 மி.மீ.தான். ஆகவே முறை மாறியபோதும் கடைக்காரர்களின் படி மாறவில்லை.

அமெரிக்க முறை இன்றும் விட்டத்தில்தான் நிற்கிறது. சுழியம் எண் மோதிரத்தின் உள்விட்டம் 11.63 மி.மீ. ஒவ்வொரு முழு எண்ணுக்கும் 0.8128 மி.மீ., அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 32 பங்கு, கூடும். சுற்றளவில் பார்த்தால் ஓர் எண்ணுக்கு 2.55 மி.மீ. இவ்வளவு அகலமான படியாக இருப்பதால்தான் அங்கே அரை எண்ணும் கால் எண்ணும் தேவைப்படுகின்றன.

இந்திய நகைக்கடைகளின் எண், சுற்றளவிலிருந்து 40ஐக் கழித்தால் கிடைப்பதை ஒட்டியே வருகிறது. 54 மி.மீ. சுற்றளவுள்ள மோதிரம் இங்கே ஏறக்குறைய 14ஆம் எண், அமெரிக்காவில் 7. கடைக்குக் கடை அட்டவணைகள் சிறிதளவு வேறுபடுகின்றன. எனவே எண்ணோடு மில்லிமீட்டரையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பு. சென்னையில் இருக்கும் தாய் அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மோதிரம் செய்யக் கொடுக்கும்போது, மகள் “ஏழு” என்று சொன்னதை அப்படியே பத்தரிடம் சொன்னால், வருவது குழந்தை விரலுக்கான மோதிரம்.

சுற்றளவா, விட்டமா?

வீட்டில் பலர் செய்வது, பழைய மோதிரத்தை அடிக்கோலின்மேல் வைத்து உள்விட்டத்தைப் பார்ப்பது. கண்ணால் அரை மில்லிமீட்டர் பிசகுவது இதில் மிக எளிது. அந்த அரை மில்லிமீட்டர் சுற்றளவில் 1.57 மி.மீ. ஆகிவிடும், இந்திய எண்ணில் ஒன்றரை. விரலைச் சுற்றி எடுத்த அளவிலோ அரை மில்லிமீட்டர் பிழை அரை மில்லிமீட்டராகவே நிற்கும். விட்டத்தில் செய்யும் பிழை மூன்று மடங்காகப் பெருகுகிறது என்பதால், வீட்டு அளவுக்குச் சுற்றளவே ஏற்றது.

நூல் கொண்டு அளப்பது பரவலான பழக்கம், ஆனால் தவறானது. இழுத்துக் கட்டினால் நூல் சதைக்குள் புதைந்து சுற்றளவைக் குறைத்துக் காட்டும். பிறகு நிமிர்த்தி அளக்கும்போது நீளவும் செய்யும். தையற்காரரின் இஞ்சி டேப்பும் உதவாது. அது விரலின் அடியில் படியாத அளவுக்கு அகலமானது.

சரியான கருவி சாதாரண எழுதுதாள்தான். 5 அல்லது 6 மி.மீ. அகலத்தில், 10 செ.மீ. நீளத்தில், ஓரம் நேராக வெட்டிய பட்டை. மோதிரம் உட்காரும் இடத்தில், விரலின் அடிப்பகுதியில் இதைச் சுற்ற வேண்டும். பட்டையின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடத்தில் கூரிய பென்சிலால் இரண்டு அடுக்கிலும் விழும்படி ஒரு கோடு. பட்டை தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. சற்றுத் தள்ளினால் சுழல வேண்டும். பிரித்து விரித்து இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அடிக்கோலால் பார்த்தால் அதுவே சுற்றளவு. தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. என்பதால் அது சேர்க்கும் பிழை 0.3 மி.மீ. அளவே, விட்டுவிடலாம்.

அடுத்து, விரலின் நடுக்கணுவையும் அதே முறையில் அளக்க வேண்டும். மோதிரம் தங்குவது அடியில் என்றாலும் அது கணுவைத் தாண்டித்தான் போக வேண்டும். கணுவும் அடியும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அடியின் அளவை எடுத்துக்கொள்ளலாம். கணு பெரியதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைத் தேர்வதே வழக்கம். கணுவின் மேல்தோல் தளர்வானது என்பதால், அதைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிய மோதிரமும் சற்றுத் திருகினால் இறங்கிவிடும்.

மோதிரத்தின் அகலமும் கணக்கில் வரும். 2, 3 மி.மீ. அகலமுள்ள மெல்லிய மோதிரத்தின் இருபுறமும் சதை ஒதுங்கிக்கொள்ளும். 6 மி.மீ.க்கு மேற்பட்ட பட்டை மோதிரத்தில் அதற்கு இடமில்லை. அதற்கு அரை முதல் ஓர் எண் கூட்டிச் செய்ய வேண்டும்.

வெயிலில் விரல் ஏன் தடிக்கிறது?

கோடையில் இறுகும் மோதிரத்தைப் பார்த்து, உலோகம் ஏதோ மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. தங்கம் ஒரு பாகை வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் 14 பங்கு விரிகிறது. 54 மி.மீ. மோதிரம் 20 பாகை கூடுதல் சூட்டில் விரிவது 0.015 மி.மீ. மட்டுமே. அதுவும் விரிவுதான், சுருக்கம் அல்ல. மாறுவது விரல்.

உடல் தன் சூட்டை வெளியேற்ற உள்ளங்கை, விரல், காது, மூக்கு ஆகியவற்றின் தோலில் தனி வசதி இருக்கிறது. அங்கே சிறு தமனியையும் சிரையையும் நுண்குழாய்களின் வழியின்றி நேராக இணைக்கும் குறுக்கு வழிகள் உள்ளன. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் சுகேயும் போலந்து அறிஞர் ஹோயரும் 19ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் இவை அவர்கள் பெயரால் வழங்குகின்றன. குளிரில் நரம்பின் கட்டளையால் இவை மூடியிருக்கும். வெயிலில் அந்தக் கட்டளை தளர, வாய்கள் திறந்து, விரலுக்குள் இரத்தம் பலமடங்கு பாயும். சிரைகளும் விரிந்து இரத்தத்தைத் தேக்கும்.

விரல் தடிப்பதற்கு இந்த இரத்தம் மட்டும் காரணமில்லை. குழாயிலிருந்து கசியும் நீரே முக்கியக் காரணம். நுண்குழாயின் உள்ளழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது; இரத்தப் புரதம் அதை உள்ளே இழுத்து வைக்கிறது. இந்தச் சமநிலையை இங்கிலாந்தின் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். சூட்டில் உள்ளழுத்தம் ஏறுவதால் நீர் திசுக்களில் கசிந்து நிற்கிறது. கையைத் தொங்கவிட்டு நடந்தால், இதயத்துக்குக் கீழே அரை மீட்டர் உயர இரத்தத்தின் எடையும் கையின் சிரைகளில் சேர்கிறது. பொதுவாகக் கை தொங்கும்போது சிறு தமனிகள் தாமாகச் சுருங்கி இந்தச் சுமையை ஈடுகட்டும். வெயிலில் அந்தச் சுருக்கமும் தளர்ந்துவிடுகிறது. பேருந்து நிறுத்தம்வரை கை வீசி நடந்து போனவரின் விரல் கொழுக்கட்டைபோல் உப்புவது இதனால்தான்.

கோடையின் முதல் வாரங்களில் வீக்கம் அதிகம். புதிய சூட்டுக்குப் பழகும் உடல் ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்பின் மூலம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் பழகியபின் பெரும்பாலானோருக்குத் தானே குறையும். உப்பு மிகுந்த ஊறுகாயும் அப்பளமும் இதைக் கூட்டும். சிறுநீர் மாத்திரை இதற்கு மருந்தல்ல.

வீங்குவது பெரும்பாலும் விரலின் அடி. எலும்பும் தசைநாரும் நெருங்கிய கணு அவ்வளவாகத் தடிப்பதில்லை. அதனால்தான் கணுவை எளிதில் தாண்டிய மோதிரம் மதியத்தில் அடியில் இறுகுகிறது. ஒரே கை மட்டும் வீங்கினால், வலியோ சிவப்போ இருந்தால், கர்ப்பிணிக்கு முகமும் சேர்ந்து வீங்கினால், அது வெயிலின் வேலை அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

சென்னையில் ஒரு பெண்ணின் மோதிர விரலை மூன்று வேளை அளப்பதாகக் கொள்வோம். மார்கழியில் குளித்தவுடன் 51 மி.மீ., நண்பகலில் 52.5, மாலையில் 52. நடுக்கணு 54. குளிர்ந்த விரலில் எடுத்த 51ஐ நம்பினால் 11ஆம் எண் வரும். அது கணுவைத் தாண்டவே போராடும். கத்திரி வெயிலில் இறங்கவே மறுக்கும். மாலை அளவையும் கணுவையும் சேர்த்துப் பார்த்து நடுவில் 53ஐத் தேர்ந்தால் இந்திய எண் 13, அமெரிக்க அளவில் ஆறரை. சித்திரை மதியத்தில் விரல் 53.5க்குப் போனாலும் சதை அந்த அரை மில்லிமீட்டரைத் தாங்கும். மார்கழிக் காலையில் சற்றுத் தளர்ந்தாலும் கணு அதைப் பிடித்து நிறுத்தும். அதே பெண் 8 மி.மீ. பட்டை மோதிரம் கேட்டால் 54 செய்ய வேண்டும். சுற்றிலும் கல் பதித்த மோதிரம் என்றால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாதாரண மோதிரத்தைப் பத்தர் அறுத்துப் பற்றவைத்து அளவு மாற்றித் தருவார். சுற்றிலும் கல் உள்ளதைப் பொதுவாக மாற்ற முடியாது.

அளவு எடுக்கும் நாளில் சாதாரண வெப்பத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்து, உணவுக்குப் பின், மாலையில், மோதிரம் போடப்போகும் கையிலேயே எடுக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களின் வலக்கை விரல் இடக்கையைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது வழக்கம்.

இறுகிய மோதிரம்

கையை இதயத்துக்கு மேலே சில நிமிடம் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்பு தடவி, இழுக்காமல் மெல்லத் திருக வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது; மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

இன்றைய நிலை

கடைகள் பிளாஸ்டிக் வார் அளவியை அனுப்புகின்றன. அச்சிட்டு வெட்டும் அளவுத் தாளும் கைபேசித் திரையில் மோதிரத்தை வைத்து அளக்கும் செயலிகளும் உண்டு. இரண்டிலும் முதலில் வங்கி அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும்: அதன் நீளம் 85.6 மி.மீ. அந்த அளவு பொருந்தாவிட்டால் தாளும் திரையும் காட்டுவது எதுவும் சரியல்ல.