ரேஷன்

அளந்து வழங்கும் உணவுப்பொருள். பேச்சு வழக்கில், அதை வழங்கும் கடையும்கூட. கணக்கு என்று பொருள்படும் லத்தீன் 'ராட்டியோ' பிரெஞ்சில் 'ரசியோன்' ஆகி, ஆங்கிலம் வழியே தமிழுக்கு வந்தது. படைவீரருக்கு நாளொன்றுக்கு அளந்து கொடுத்த உணவே பழைய பொருள்.

அந்த 'அளவு' ஏன் முக்கியம் என்பதைக் காரைக்காலின் தலத்தெரு அறியும். காவிரிக் கடைமடையில் நெல் விளைந்தாலும், விளைச்சல் இருப்பதும் அரிசி எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்வதும் வேறுவேறு. 2015 செப்டம்பரில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மத்திய அரசின் மானிய அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். பின்னர் கடைகளும் மூடின. பணத்தின் தொகை அப்படியே இருக்க, சந்தை விலை ஏறினால் பையில் விழும் அரிசி குறையும். ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று 2013 சட்டம் சொல்வது எடையை. எடை விலையோடு மாறாது. 2024 தீபாவளியையொட்டிக் கடைகள் மீண்டும் திறந்தன.

வயிறு நிறைந்தாலும் சோகை தீராது என்பதால் ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்தது. நூறு கிலோவில் ஒரு கிலோ அளவுக்கு, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் வார்த்த மணிகள் கலந்திருக்கும். நிறம் சற்று மாறித் தெரிவதால் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பலர் பொறுக்கி எறிகிறார்கள். எறிவது அந்தச் சத்தைத்தான்.