வெப்பமானி வெப்பத்தை அளக்கிறதா?

மழைமானி மழையை அளக்கிறது, காற்றழுத்தமானி காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. அந்த வரிசையில் வெப்பமானி வெப்பத்தை அளக்க வேண்டும். தெர்மாமீட்டர் என்ற மூலச்சொல்லும் இதையே சொல்கிறது. வெப்பம், அளவு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து, 1624-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த ஒரு கணிதப் பொழுதுபோக்கு நூலில் அது அச்சேறியது. ஆனால் பெயர் சொல்லும் வேலையை அந்தக் கருவி ஒருநாளும் செய்ததில்லை. கொதிக்கும் நீர் நிறைந்த 10 லிட்டர் குடத்தையும், அதிலிருந்து மொண்ட 5 மில்லிலிட்டர் கரண்டியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் அறையின் சூட்டுக்கு ஆறிவரும்போது குடம் வெளியே விடும் வெப்பம், கரண்டி விடுவதைப் போல 2000 மடங்கு. கரண்டி நீர் ஆறுவதற்குள் இரண்டிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அளவு ஒன்றேதான். வெப்பத்தை அளக்கும் கருவியாக இருந்தால் இந்த 2000 மடங்கு எங்கே போயிற்று? கருவி தவறவில்லை, பெயர்தான் தவறியது. கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதைச் சொல்லும் விதிக்கு, பெயர் பிறந்து 300 ஆண்டுகளுக்குப் பிறகே தனிப்பெயர் கிடைத்தது. அதுதான் வெப்ப இயக்கவியலின் சுழி விதி.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கையில் இருந்த கருவி, நீண்ட குழாயுடைய ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழைக் கையால் சூடாக்கி, குழாயின் வாயை நீரில் கவிழ்த்து வைப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது நீர் குழாயில் ஏறும், மறுபடி சூடானால் இறங்கும். இந்த நீர்மட்டத்தை நகர்த்துவது சூடு மட்டுமல்ல. குழாய் நிற்கும் பாத்திரம் திறந்திருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தமும் அதை நகர்த்தும். அழுத்தம் 100-க்கு 1 பங்கு குறைந்தால், சூடு ஏறாமலேயே உள்காற்று ஏறத்தாழ 3 டிகிரி சூடானதுபோல விரியும். புயல் நெருங்கும் நாளில் அறை திடீரென்று சூடாகிவிட்டதாக அந்தக் கருவி சொல்லும். 1650-களில் இத்தாலியின் பிளாரன்சு நகரில் சாராயத்தை நிரப்பி வாயை உருக்கி மூடிய குழாய்கள் வந்தபின்தான் இந்தக் குறை நீங்கியது.

அளக்கப்படும் பொருளுக்கான பெயரோ இன்னும் பழையது. டெம்பரேச்சர் என்ற சொல்லின் லத்தீன் வேர், உரிய விகிதத்தில் கலப்பதைக் குறிக்கும். பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் உடல் என்பது சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றின் கலவை; கலவை பிசகினால் நோய். ஆகவே ஒரு சொல் அளவையும் மற்றொன்று கலவையையும் சுமந்து வந்து, இரண்டும் ஒரே கண்ணாடிக் குழாயில் சந்தித்தன. தமிழ்ப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட வெப்பநிலை என்ற சொல்லில் இந்தப் பழைய சுமை இல்லை. பொருளில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று கேட்காமல் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறது அந்தச் சொல். ஆக்கியவர்கள் இதை நினைத்து ஆக்கினார்களோ இல்லையோ, இயற்பியல் கேட்கும் பொருளோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

அந்த நிலை என்ன என்பதை 1760-களில் ஸ்காட்லாந்தில் வேதியியல் கற்பித்த ஜோசப் பிளாக் தெளிவாக்கினார். நெருப்பில்லாத மூடிய அறையில் உலோகம், மரம், கல், நீர் என்று பலவற்றையும் போட்டுவைத்தால், போதிய நேரத்துக்குப் பின் எதில் வைத்தாலும் வெப்பமானி ஒரே அளவைக் காட்டும். அதற்காக எல்லாவற்றிலும் ஒரே அளவு வெப்பம் நிறைந்துவிட்டது என்று எண்ணக் கூடாது என்பதே அவருடைய எச்சரிக்கை. சமமானது வெப்பத்தின் அளவல்ல; இனி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெப்பம் பாயாது என்ற சமநிலையே அங்கு ஏற்பட்டிருக்கிறது. நம் தோல் இந்த இடத்தில் நம்பத் தகுந்த சாட்சியல்ல. 25 டிகிரி அறையில் இரவு முழுதும் கிடந்த எவர்சில்வர் தட்டு சில்லிடும், பக்கத்தில் இருக்கும் பலகை சில்லிடாது. தோலிலிருந்து வெப்பத்தைத் தட்டு விரைவாக இழுக்கிறது, பலகை மெதுவாக இழுக்கிறது, அவ்வளவுதான். அறை 42 டிகிரிக்கு ஏறிவிட்டால் அதே தட்டு பலகையைவிடச் சூடாகப் படும்.

இப்போது விதிக்கு வரலாம். அ என்ற பொருள் இ என்ற பொருளோடு வெப்பச் சமநிலையில் இருக்கிறது. ஆ என்ற பொருளும் தனியே அதே இ-யோடு வெப்பச் சமநிலையில் இருக்கிறது. அப்படியானால் அ-வையும் ஆ-வையும் நேரே தொடவைத்தாலும் அவற்றுக்கிடையே வெப்பம் பாயாது. இந்த இ-யின் இடத்தில் நிற்பதுதான் வெப்பமானி. கல்கத்தாவில் உள்ள நீரும் லண்டனில் உள்ள எண்ணெயும் ஒன்றையொன்று தொடப்போவதில்லை. ஆனால் ஒரே வெப்பமானி இரண்டிலும் ஒரே கோட்டில் நின்றால், தொட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நம்மால் சொல்ல முடிகிறது. முதல் விதியும் இரண்டாம் விதியும் 1850-களிலேயே எண் பெற்றுவிட்டன. அவற்றுக்கும் முன்னே வைக்க வேண்டிய இதற்கு எண் மிச்சமில்லாததால் சுழி என்றார்கள். அலகாபாத்தில் பணியாற்றிய மேகநாத் சாகாவும் ஸ்ரீவாஸ்தவாவும் வெப்பவியல் பற்றி எழுதிய நூலை 1930-களில் மதிப்பிட்டபோது ஆங்கில இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலர் இந்தப் பெயரைச் சூட்டினார் என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் தரும் செய்தி.

இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா, தானே விளங்கவில்லையா என்று மாணவர் கேட்கலாம். அ = இ, ஆ = இ என்றால் அ = ஆ என்பது பள்ளிக் கணக்குத்தானே! ஆனால் அந்தக் கணக்கு எண்களுக்குப் பொருந்தும். பொருள்களுக்கிடையே உள்ள எல்லா உறவுக்கும் பொருந்தாது. ஒரு காந்தம் இரண்டு தேனிரும்பு ஆணிகளைத் தனித்தனியே இழுக்கும். காந்தத்தை அப்பால் எடுத்துவிட்டால் அந்த இரண்டு ஆணிகளும் ஒன்றையொன்று இழுப்பதில்லை. மூன்றாவதோடு உள்ள உறவு, முதல் இரண்டுக்கும் இடையே உறவைத் தந்துவிடும் என்ற உறுதி தர்க்கத்தில் இல்லை. வெப்பச் சமநிலை காந்த இழுப்பைப் போல் இல்லை என்பது சோதித்து அறிந்த உண்மை. அது பொய்யாக இருந்திருந்தால், நீரில் 40 காட்டிய குழாய் எண்ணெயிலும் 40 காட்டியது என்ற செய்தி நீரைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் எதையுமே சொல்லியிருக்காது. வெப்பநிலை என்று எண் கொடுக்கத் தக்க ஒன்று இருக்கிறது என்பதே இந்த விதியிலிருந்து கிடைப்பதால், அ = இ என்று எழுதும் உரிமையை முதலில் விதிதான் தர வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. வெப்பமானியை நுழைத்தவுடன் அளக்கப்படும் பொருளே மாறிவிடுகிறதே, பிறகு அளவு எப்படி உண்மையாகும்? மாறுவது மெய்தான். 60 டிகிரியில் 20 கிராம் நீர் ஒரு சோதனைக் குழாயில் இருக்கிறது என்று கொள்வோம். அது ஒரு டிகிரி மாற ஏறத்தாழ 84 ஜூல் வேண்டும். அமிழும் வெப்பமானிப் பகுதிக்கு டிகிரிக்கு 4 ஜூல் என்றும், அது 30 டிகிரியில் இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். குழாயையும் வெளியே சிந்தும் வெப்பத்தையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 84-ஐ 60-ஆலும் 4-ஐ 30-ஆலும் பெருக்கிக் கூட்டி 88-ஆல் வகுக்க வேண்டும், விடை 58.6. கருவி 58.6 என்று காட்டுவது பொய்யல்ல, அந்தக் கணத்தில் நீரும் அதே 58.6-இல்தான் இருக்கிறது. போனது பழைய 60 மட்டுமே. ஏனென்றால் எந்த வெப்பமானியும் காட்டுவது தன்னுடைய வெப்பநிலையைத்தான். அதை எதிரே உள்ள பொருளின் வெப்பநிலை என்று வாசிக்கச் சமநிலை வந்திருக்க வேண்டும். வராதபோது என்ன ஆகும் என்பதற்கு வெயிலில் தொங்கும் வெப்பமானி சாட்சி. அது சூரியனிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டே காற்றுக்கு விட்டுக்கொண்டிருக்கும். முள்ளோ பாதரசமோ அசையாமல் நின்றாலும் அது சமநிலை ஆகாது, காற்றின் வெப்பநிலையைவிடக் கூடுதலாகவே காட்டும். வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த சட்டப்பலகைப் பெட்டிக்குள் கருவியை வைப்பது இதனால்தான்.

விதி இவ்வளவு தந்தும் எண்களைத் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவை சமம் என்று அது சொல்லும். சமமில்லாதபோது எது சூடானது, எவ்வளவு சூடானது என்று சொல்லாது. 1742-இல் ஸ்வீடன் நாட்டு வானியலாளர் செல்சியஸ், கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் குறித்தார். சில ஆண்டுகளுக்குள் அது தலைகீழாக்கப்பட்டது. இரண்டு முறையிலும் சுழி விதிக்கு ஒரு கீறலும் இல்லை. முனைகளைக் குறித்தபின் நடுவில் சமமாகப் பிரிப்பதும் நாம் செய்துகொள்ளும் ஏற்பாடே. சாராயத்துக்கும் பாதரசத்துக்கும் பதிலாக நீரையே குழாயில் அடைத்து, 0-வும் 100-உம் குறித்து, இடையை நூறாகப் பிரித்தால் இந்த ஏற்பாட்டின் பலவீனம் தெரியும். கண்ணாடியின் விரிவை ஒதுக்கிவிட்டால், இன்றைய அளவில் 50 டிகிரி உள்ள பொருளில் இந்த நீர் வெப்பமானி 27-க்கும் 28-க்கும் இடையே நிற்கும். அதைவிட மோசம் தொடக்கத்தில். நீர் 4 டிகிரி வரை சுருங்கிப் பிறகே விரிவதால், 8 டிகிரிக்குச் சற்றேறக்குறைய வரும்போது மட்டம் மறுபடி 0 கோட்டுக்கே வந்துவிடும். அப்போது 0 காட்டும் இரண்டு பொருள்கள் சமநிலையில் இருப்பதாகச் சொல்ல முடியாது. இது சுழி விதியின் தோல்வியா? இல்லை. குழாய்க்குள் இருக்கும் நீர் அந்தந்தப் பொருளோடு சமநிலைக்கு வந்துதான் இருக்கிறது. இரு வேறு நிலைகளை அதன் பருமனால் பிரித்துக்காட்ட முடியவில்லை. ஆகவே நல்ல வெப்பமானிக்கு விதி மட்டும் போதாது, நிலை ஏற ஏற ஒரே திசையில் மாறும் பண்பும் வேண்டும்.

பாதரசம் அந்தச் சோதனையில் தேறியதால் ஃபாரன்ஹீட் காலத்திலிருந்து அது குழாயில் இடம்பிடித்தது. இருந்தும், பாதரசத்தின் சம விரிவுகளே சம டிகிரிகள் என்று யார் தீர்மானித்தது என்ற கேள்வி நின்றது. அடர்த்தி குறையக் குறைய எல்லா வாயுக்களும் ஒரே அளவைக் காட்டத் தொடங்குகின்றன என்பது ஒரு விடை. எந்தப் பொருளையும் சாராமல், வெப்ப எந்திரத்தின் கொள்கையிலிருந்தே அளவுகோலை வகுக்கலாம் என்று 1848-இல் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, காட்டியது முழுமையான விடை. அப்படியும் டிகிரியின் பருமனைக் குறிக்க ஒரு புள்ளி வேண்டியிருந்தது. 1954-இல் பனியும் நீரும் ஆவியும் சேர்ந்து நிற்கும் நீரின் மும்மைப் புள்ளியை 273.16 கெல்வின் என்று வரையறுத்தார்கள். 2019-இல் அந்த வரையறையும் நீக்கப்பட்டு, போல்ட்ஸ்மான் மாறிலிக்கு கெல்வினுக்கு 1.380649 × 10⁻²³ ஜூல் என்ற நிலையான மதிப்பு தரப்பட்டது. இப்போது நீரின் மும்மைப் புள்ளி வரையறையாக இல்லை. மற்றப் பொருள்களைப் போல அதையும் அளந்தே அறிய வேண்டும், அந்த அளவில் ஏறத்தாழ 0.0001 கெல்வின் ஐயமும் உண்டு.