போலிக் குரு
சீடரின் நம்பிக்கையைப் பணத்துக்கோ பாலியல் இச்சைக்கோ பயன்படுத்திக்கொள்பவர். உதாரணமாக, இலங்கை மாத்தளையிலிருந்து வந்த பிரேமானந்தா, திருச்சி அருகே ஆசிரமம் நடத்தினார். வாயிலிருந்து லிங்கம் எடுப்பதில் பேர்பெற்றவர். ஆசிரமத்தில் வளர்ந்த ஆதரவற்ற சிறுமிகளின் உணவு, படிப்பு, உறைவிடம் எல்லாம் அவர் கையில்; முறையிட வெளியே ஆளில்லை. தப்பி வந்தவர்களின் புகாருக்குப் பிறகே 1994-இல் கைதானார். பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் 1997-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ஒரு குருவை எடைபோட அவரது அற்புதங்களை ஆராய்வது வீண்வேலை. அவரைவிட்டு விலகியவர்களிடம் பேசுவதே பயன்தரும். அவர்களை ஆசிரமம் துரோகிகள் என்று ஏசினாலோ, தனிச்சந்திப்பில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்றாலோ, காணிக்கைக்குக் கணக்குக் கேட்பதை அகந்தை என்றாலோ அங்கே தங்கக்கூடாது.