அலுவலக முகப்புக் கண்ணாடித் தேர்வு (சின்னக்கானல் மலைப்பகுதி)

அலுவலகக் கட்டடத்தின் வெளிமுகத்துக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்கையில் மூன்று எண்கள் பார்க்கப்படுகின்றன. கண்ணாடியில் விழும் சூரிய வெப்பத்தில் எவ்வளவு பங்கு அறைக்குள் சேரும் என்பதைச் சொல்வது சூரிய வெப்ப ஏற்புக் கெழு. வணிக வழக்கில் எஸ்.எச்.ஜி.சி. கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் எவ்வளவு உள்ளே வரும் என்பதைச் சொல்வது ஒளி ஊடுருவல் அல்லது வி.எல்.டி. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பது யு மதிப்பு. முதல் இரண்டும் 0 முதல் 1 வரையிலான பின்னங்கள். இவற்றில் ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று கெடும். சமவெளிக்கென்று எழுதப்பட்ட விதியை மலைக்குக் கொண்டுபோகும்போது இந்த இழுபறி கூர்மையாகத் தெரிகிறது. இடுக்கி மாவட்டத்தில் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கும் சின்னக்கானல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

காலநிலை வகைப்பாடும் அதன் வரலாறும்

இந்தியாவில் கண்ணாடிக்கான வரம்புகள் காலநிலை மண்டலத்தின் அடிப்படையில் வகுக்கப்பட்டுள்ளன. இதற்கு அடித்தளமிட்டது என்.கே. பன்சாலும் கெர்னாட் மிங்கேயும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு. 233 வானிலை நிலையங்களின் மாதச் சராசரிகளை வைத்து அவர்கள் நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்தனர். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் எந்த நிலை நீடிக்கிறதோ அதுவே அந்த ஊரின் மண்டலம். மாதச் சராசரி உச்ச வெப்பம் 30 பாகைக்கு மேலும் ஈரப்பதம் 55 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் வெப்ப-வறள் மண்டலம். 30 பாகைக்கு மேல் ஈரப்பதம் 55-ஐத் தாண்டினாலோ, 25 பாகைக்கு மேல் ஈரப்பதம் 75-ஐத் தாண்டினாலோ வெப்ப-ஈர மண்டலம். 25-க்கும் 30-க்கும் இடையில் ஈரப்பதம் 75-க்குக் கீழ் இருந்தால் மிதமான மண்டலம். 25-க்குக் கீழே போனால் குளிர் மண்டலம். அதை அவர்கள் மேகமூட்டக் குளிர், வெயில் குளிர் என்று இரண்டாகப் பிரித்திருந்தனர். எதிலும் அடங்காதது கலப்பு மண்டலம்.

பின்னர் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டு குளிர் மண்டலங்களையும் ஒன்றாக்கி, மொத்தம் ஐந்து மண்டலங்களாகச் சுருக்கியது. எரிசக்தித் திறன் பணியகம் 2007-இல் கொண்டுவந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும், அதன் 2017 பதிப்பும் இந்த ஐந்தையே பின்பற்றுகின்றன. சுருக்கியதில் ஓர் இழப்பு நேர்ந்தது. மேகமூட்டமும் மழையும் நிறைந்த குளிர்ந்த மலையூருக்கும் லடாக்கின் உலர்ந்த வெயில் குளிருக்கும் ஒரே வரம்பு பொருந்துவதாக ஆகிவிட்டது. முதலாவதில் வெளிச்சம்தான் பற்றாக்குறை. இரண்டாவதில் வெப்பம்தான் பற்றாக்குறை. ஆறு மண்டலப் பிரிப்பே கண்ணாடித் தேர்வுக்கு ஏற்றது.

சின்னக்கானலில் கோடை மாதங்கள் தவிர ஆண்டின் பெரும்பகுதியில் பகல் உச்ச வெப்பம் 25 பாகையை எட்டுவதில்லை. ஆகவே அளவுகோலை நேரடியாக வைத்துப் பார்த்தால் இது குளிர் மண்டலம்; பழைய பிரிப்பின்படி மேகமூட்டக் குளிர். ஆனால் விதித்தொகுப்பில் கேரள நகரங்கள் வெப்ப-ஈர மண்டலத்தில் இருப்பதால், மலையில் எழும் கட்டடமும் கொச்சியோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. விளைவு சிறியதல்ல. 2017 பதிப்பின்படி வெப்ப-ஈர மண்டலத்தில் எஸ்.எச்.ஜி.சி. 0.27-ஐத் தாண்டக்கூடாது, குளிர் மண்டலத்தில் 0.62 வரை போகலாம். யு மதிப்பின் மேல்வரம்பு இரண்டிலும் 3.0. ஒளி ஊடுருவலின் கீழ்வரம்பு 0.27. சுவரில் கண்ணாடியின் பங்கு 40 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

குளிர் தவிர்த்த மண்டலங்களில் வடக்கு முகத்துக்கு மட்டும் எஸ்.எச்.ஜி.சி. 0.50 வரை போகலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் அது 15 பாகை அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குத்தான். சின்னக்கானல் ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால் அந்தச் சலுகை இங்கே கிடையாது. இந்த அட்சரேகைப் பிரிப்பில் நியாயம் உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் இங்கே வடக்குப் பக்கம்தான் நிற்கிறது.

நான்கு முகங்கள்

மண்டலத்தைவிடச் சுவரின் திசைதான் மலையில் அதிகம் பேசுகிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். மார்ச் 21 அன்று 80 பாகை, கிட்டத்தட்ட உச்சி. அதாவது தெற்கு முகத்தில் வெயில் விழுவது குளிர்ந்த மாதங்களில்தான். வெம்மை கூடும் மார்ச், ஏப்ரலில் அந்தச் சுவருக்கு வெயில் மிகக் குறைவு. ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலுக்கு மேலே 60 சென்டிமீட்டர் சன்ஷேட் போட்டால் மார்ச் வெயில் முழுக்க நின்றுவிடும். டிசம்பர் வெயில் கீழ்ப்பகுதியில் உள்ளே வரும். எனவே தெற்கு முகத்துக்கு 0.27 கண்ணாடி வாங்குவது இலவசமாகக் கிடைக்கும் வெப்பத்தைக் காசு கொடுத்துத் தடுப்பதாகும்.

கிழக்கு முகத்தில் காலை வெயில் வரவேற்கத்தக்கது. இரவுக் குளிர் அறையில் தங்கியிருக்கும் நேரம் அது. வடக்கு முகத்தில் வெயில் விழவேண்டிய மாதங்களில் பெரும்பகுதி பருவமழை மேகத்தில் மறைந்துவிடும். சிக்கல் மேற்கு முகத்தில்தான். சாய்ந்த பிற்பகல் வெயிலைச் சன்ஷேட் தடுக்காது. அந்நேரம் ஆட்களும் கணினிகளும் ஏற்கெனவே அறையைச் சூடாக்கியிருக்கும்.

ஒரு கணக்கு

மேற்கு நோக்கிய 20 சதுர மீட்டர் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். பிற்பகலில் அதன்மீது சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மில்லிமீட்டர் சாதாரணத் தெளிந்த கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. 0.82, ஒளி ஊடுருவல் 0.88, யு மதிப்பு 5.7 அளவில் இருக்கும். வெயில் வழியே உள்ளே சேர்வது 0.82 × 600 × 20, அதாவது 9,840 வாட். வெள்ளிப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி ஒன்று 0.27 எஸ்.எச்.ஜி.சி., 1.6 யு மதிப்பு கொண்டது என்றால் அதே வெயிலில் 3,240 வாட் மட்டுமே சேரும்.

இனி யு மதிப்பின் பங்கு. சென்னையில் வெளியே 36 பாகை, உள்ளே 24 என்றால் வேறுபாடு 12. சாதாரணக் கண்ணாடி வழியே 5.7 × 12 × 20, அதாவது 1,368 வாட் உள்ளே வரும். இரட்டைக் கண்ணாடியில் 384 வாட். சின்னக்கானலில் ஜனவரி அதிகாலையில் வெளியே 10, உள்ளே 22 என்றால் அதே 12 பாகை வேறுபாடுதான். வெப்பம் வெளியே போகிறது. பகலிலோ உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. யு மதிப்புக்கு வேலையே இல்லை. ஆக, பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்தில் வெப்பக் கணக்கைத் தீர்மானிப்பது எஸ்.எச்.ஜி.சி.தான்.

வெளிச்சக் கணக்கு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமும் மூடுபனியும் சூழ்ந்திருக்கும். வெளியே 10,000 லக்ஸ் இருக்கும் ஒரு மழை நாளில், தெளிந்த கண்ணாடியோடு மேசையில் 300 லக்ஸ் கிடைக்கும்படி அமைந்த அறையை நினைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 0.27 ஊடுருவல் உள்ள கண்ணாடியை மாட்டினால் 92 லக்ஸ்தான் மிஞ்சும். எழுத்து வேலைக்கு அது போதாது. நாள் முழுக்க விளக்கு எரியும். 0.60 என்றால் 205 லக்ஸ் கிடைக்கும். மேசை விளக்கு ஒன்று போதும். விதியின் கீழ்வரம்பைத் தொட்டுவிட்டோம் என்று நிறைவடைவது மலையில் தவறு.

வெளிச்சத்தை இழக்காமல் வெப்பத்தை மட்டும் தடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவே வருகிறது. அதை உள்ளே விட்டால் அதன் வெப்பமும் வந்தே தீரும். ஒளி ஊடுருவலை எஸ்.எச்.ஜி.சி.யால் வகுத்த எண் தெளிந்த கண்ணாடிக்கு 1.07, இரண்டு வெள்ளி அடுக்குப் பூச்சில் 1.8 அளவுக்கு உயரும். மூன்று அடுக்கில் 2-ஐச் சற்றே தாண்டும். அதற்கு மேல் வெகுதூரம் போக இயற்கை இடம் தருவதில்லை. ஐ.டி. கட்டடங்களில் ஒரு காலத்தில் பரவிய பிரதிபலிப்புக் கண்ணாடிகளில் இந்த எண் 1-க்கும் கீழே இருப்பது வழக்கம். வெப்பத்தைவிட வெளிச்சத்தையே அதிகம் தடுக்கும் அவை மழைநாட்டு மலைக்குச் சற்றும் பொருந்தாதவை.

பழைய விலைப்பட்டியல்களில் நிழல் கெழு என்ற வேறொரு எண் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் தெளிந்த கண்ணாடியோடு ஒப்பிட்ட அளவு அது, 0.87-ஆல் பெருக்கினால்தான் எஸ்.எச்.ஜி.சி. கிடைக்கும். அதேபோல, பட்டியலில் உள்ள யு மதிப்பு கண்ணாடியின் நடுப்பகுதிக்கானது. வெப்பத் தடுப்பு இல்லாத அலுமினியச் சட்டத்தின் யு மதிப்பு 7-ஐ ஒட்டி இருக்கலாம். 1.6 கண்ணாடியில் சட்டத்தின் பரப்பு 15 விழுக்காடு என்றால் முழு ஜன்னலின் மதிப்பு 2.4 ஆகிவிடும். விதி கேட்பது சட்டத்தையும் சேர்த்த மதிப்பை.

வியர்க்கும் கண்ணாடி, புடைக்கும் கண்ணாடி

யு மதிப்பு மலையில் உண்மையில் வேலை செய்வது ஈரத்தில். அறையில் 22 பாகையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் சுமார் 15 பாகையில் பனித்துளி படியும். வெளியே 12 பாகை என்றால் சாதாரணக் கண்ணாடியின் உட்பரப்பு 14.6 பாகைக்கு இறங்கி வியர்க்கத் தொடங்கும். 1.6 மதிப்புள்ள இரட்டைக் கண்ணாடியில் உட்பரப்பு 20 பாகையில் நிற்கும், துளி படியாது. கண்ணாடி காய்ந்திருந்தும் ஓரத்தில் மட்டும் நீர் கோத்துச் சுவர் கறுத்தால் குற்றம் அலுமினியச் சட்டத்தின் மீது.

இரட்டைக் கண்ணாடிக்கு மலையில் ஓர் ஆபத்தும் உண்டு. சமவெளியில் மூடி முத்திரையிடும்போது இரு கண்ணாடிகளுக்கும் நடுவே அடைபடுவது கடல்மட்டக் காற்றழுத்தம், ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். 1,600 மீட்டர் உயரத்தில் வெளி அழுத்தம் 83 அல்லது 84 தான். உள்ளிருக்கும் காற்று கண்ணாடிகளை வெளியே தள்ளும். பெரிய பலகைகள் புடைத்து, அவற்றில் தெரியும் மலைமுகடு வளைந்து காணப்படும். சிறிய பலகைகளால் வளைய முடியாது. அழுத்தம் ஓர முத்திரையில் விழுந்து அது பிளக்கும். சில பருவங்களுக்குப் பின் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே துடைக்க முடியாத மூட்டம் தெரிந்தால் முத்திரை போய்விட்டது என்று பொருள். இதைத் தவிர்க்க, ஆர்டர் கொடுக்கும்போதே பொருத்தும் இடத்தின் உயரத்தை ஆலைக்கு எழுத்தில் தரவேண்டும். அவர்கள் அழுத்தத்தைச் சரிசெய்து மூடலாம்; அல்லது நுண்குழாய் வைத்து அழுத்தத்தைச் சமப்படுத்தலாம். குழாய் திறந்தே இருக்கும் வகையில் ஆர்கான் வாயு தங்காது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

தேர்வும் இன்றைய நிலையும்

சின்னக்கானலில் முதலில் ஒளி ஊடுருவலை 0.55-க்கு மேல் உறுதி செய்துகொள்வது நல்லது. பிறகு எஸ்.எச்.ஜி.சி.யைத் திசைவாரியாக வைக்கலாம்: மேற்கில் 0.30 அளவு, கிழக்கிலும் வடக்கிலும் 0.40 முதல் 0.45 வரை, சன்ஷேட் உள்ள தெற்கில் 0.55 வரை. யு மதிப்பு 2 அளவில் இருந்தால் ஈரத்துக்குப் போதும். மேற்கில் கண்ணாடியின் பரப்பைக் குறைப்பது எந்தப் பூச்சையும்விட மலிவு. இணைக்கப்பட்ட மின்சுமை 100 கிலோவாட்டுக்குக் குறைந்த கட்டடங்களை 2017 விதித்தொகுப்பு கட்டுப்படுத்துவதில்லை. அத்தகைய சிறு அலுவலகங்களுக்கு இந்தத் திசைவாரித் தேர்வுக்குத் தடையில்லை. பெரிய கட்டடங்கள் சன்ஷேடைக் கணக்கில் காட்டியோ, முழுக் கட்டடச் செயல்திறன் முறையிலோ அனுமதி பெறலாம். 2024-இல் எரிசக்தித் திறன் பணியகம் புதிய எரிசக்திச் சேமிப்பு மற்றும் நிலைத்த கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டுள்ளது.