இரண்டு மாசத்துக்கு ஒரு வயசு

கொழும்பு றேஸ்கோர்ஸ் பக்கம் கடைகளுக்குப் போறனாங்கள். 1942இல் அந்தக் குதிரைப் பந்தயத் திடல் ஒரு விமான ஓடுபாதை. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, ஹரிகேன் விமானங்கள் இங்கிருந்தும் எழும்பின. யுத்தம் முடிஞ்ச பிறகு அந்தப் படையாட்கள் எப்பிடி வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் போனதால் எங்கட ஊருக்கு என்ன நடந்தது எண்டு நாங்கள் பெரிசாக யோசிப்பதில்லை.

யுத்தம் முடிந்தால் எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பிவிட ஏலாது. கப்பலில் இடம் போதாது, ஊரில் வேலையும் போதாது. ஆக, வரிசை ஒண்டு வேணும். அந்த வரிசையில் யார் முதல் என்பதுதான் சிக்கல்.

1918இல் பிரிட்டன் பொருளாதாரத்தை மட்டும் பார்த்தது. தொழிற்சாலைகளுக்கு உடனே தேவையானவர்களும், முதலாளி வேலையைப் பிடித்து வைத்திருந்தவர்களும் முதலில் விடுவிக்கப்பட்டார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் அப்படிப்பட்டவர்களில் கனபேர் கடைசியாகப் படைக்கு வந்தவர்கள். நாலு வருசம் பதுங்குகுழியில் கிடந்தவன், நேற்று வந்தவன் தனக்கு முன்னால் கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டு நிண்டான். 1919 ஜனவரியில் ஃபோக்ஸ்ரனிலும் கலேயிலும் படைவீரர்கள் உத்தரவை மறுத்தார்கள். சேர்ச்சில் அந்த விதியை மாற்றவேண்டி வந்தது.

அதனால் 1944இல் அமைச்சர் ஏர்னஸ்ற் பெவின் வேறொரு கணக்குப் போட்டார். இரண்டு மாசச் சேவை ஒரு வயசுக்குச் சமன். 22 வயசுப் பெடியன் 4 வருசம் சேவை செய்திருந்தால் 48 மாசம், அதாவது 24 வயசு கூடும், மொத்தம் 46. 40 வயசுக்காரர் ஒரு வருசம் மட்டும் சேவை செய்திருந்தால் 12 மாசத்துக்கு 6 வயசு, அவருக்கும் 46தான். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்பார்கள். வீடு கட்டும் தொழிலாளர் போன்ற சிலரை மட்டும் தனியாக முன்னுக்கு எடுத்தார்கள். எந்தப் படைவீரனும் தானே கணக்குப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். எங்களுக்குப் பிடிச்சது அதுதான்.

ஆனால் கணக்கு நியாயமாக இருந்தால் மட்டும் போதாது, வரிசை நகரவும் வேணும். கிழக்கில் இருந்தவர்களுக்குக் கப்பல் கிடைப்பது பெரும்பாடு. 1946 ஜனவரியில் கராச்சியில் இருந்த விமானப்படை ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது இந்தியா, சிங்கப்பூர் மட்டுமில்லாமல் இலங்கையிலிருந்த தளங்களுக்கும் பரவியது. ஜப்பான் சரணடைஞ்சு ஐந்து மாசம், இன்னும் ஏன் எங்களை வைச்சிருக்கிறியள் என்பதுதான் அவர்களின் கேள்வி.

இனி எங்கட பக்கத்தைப் பார்ப்போம். இலங்கையில் படையில் சேர்ந்தவர்கள் ஒப்பீட்டளவில் கொஞ்சப் பேர்தான். ஆனால் 1944இலிருந்து மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டியில் இருந்தது. கொழும்பும் திருகோணமலையும் பெரிய தளங்கள். முகாம் கட்டினவர்கள், மூட்டை தூக்கினவர்கள், சமைத்தவர்கள், கணக்கு எழுதினவர்கள் எல்லாரும் யுத்தச் சம்பளத்தில் வாழ்ந்தார்கள். 1945 முடிவில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது. முகாம்கள் ஒவ்வொன்றாக மூட அந்தச் சம்பளமும் நிண்டது. படைவீரனுக்கு வரிசை எண் இருந்தது, கப்பல் இருந்தது, போக ஒரு ஊரும் இருந்தது. முகாமில் கூலி வேலை செய்த ஆளுக்கு பெவினின் அட்டவணையில் இடமே இல்லை.

இறப்பருக்கும் இதே கதைதான். 1942இல் மலாயா ஜப்பானிடம் விழ, நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே முக்கிய இடமாகியது. வருங்காலத்தை யோசிக்காமல் மரங்களை வெட்டிப் பால் எடுத்தார்கள். யுத்தம் முடிய மலாயா திரும்பவும் சந்தைக்கு வந்தது. எங்களிடம் மிஞ்சியது களைச்சுப்போன மரங்கள்.

வேலை குறைய விலையும் குறைந்திருக்க வேணுமே? அப்படி நடக்கவில்லை. யுத்தகாலத்தில் படைகள் இங்கே காசைக் கொட்டின. கப்பல் இல்லாததால் அந்தக் காசுக்கு வாங்கச் சாமான் வரவில்லை. அப்போது ஏறின விலை சமாதானம் வந்த உடனே இறங்கவில்லை. உலகத்திலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு. 1942இல் தொடங்கின பங்கீடும் தொடர்ந்தது. ஆக, கையில் சம்பளம் இல்லாத நேரத்தில் கடையில் யுத்தகால விலை.

1946 ஒக்டோபரிலும் 1947 மே, ஜூனிலும் வந்த பெரிய வேலைநிறுத்தங்களை நாங்கள் இந்தப் பின்னணியில்தான் வாசிக்கிறோம். இது மட்டும்தான் காரணம் எண்டு சொன்னால் பிழை. அரச எழுதுவினைஞர்கள் முக்கியமாகத் தொழிற்சங்க உரிமைக்காகத்தான் நிண்டார்கள். இடதுசாரிக் கட்சிகளின் கை இருந்ததும் உண்மை. ஆனால் துறைமுகத்தில், கொட்டாஞ்சேனையை அண்டிய தெருக்களில் வாழ்ந்த தொழிலாளியையும் மேசையில் இருந்த எழுதுவினைஞரையும் ஒரே நேரத்தில் வெளியே கொண்டுவர, சங்க உரிமை மட்டும் போதியிருக்கும் எண்டு எங்களுக்குத் தோன்றவில்லை.

1947 ஜூன் 5 அன்று வேலைநிறுத்த ஊர்வலம் ஒன்றின் மீது பொலிஸ் சுட்டது. கந்தசாமி என்ற எழுதுவினைஞர் செத்துப்போனார். சுதந்திரத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருந்தது.