மெடிக்கல் கார்டு இருந்தும் மருத்துவமனையில் பணம் கேட்பது ஏன்?

அப்பாவுக்கு மெடிக்கல் கார்டு எடுக்கும் வேலையில் இருக்கிறார் தோழி. விண்ணப்பப் பாரம் கையில் இருக்கிறது, கையெழுத்து இன்னும் போடவில்லை. அவர் கேட்கும் கேள்விகளும் தொகுப்பாளர் சொல்லும் பதில்களும் உரையாடல் வடிவில் இங்கே. மலேசியாவில் விற்கப்படும் தனிநபர் மருத்துவக் காப்புறுதியைப் பற்றியது இது. வேலையிடம் தரும் காப்புறுதிக்கு விதிகள் மாறலாம்.

தோழி: கார்டைக் காட்டினா போதும், தனியார் மருத்துவமனையில ஒரு காசு கட்ட வேண்டாம்னு ஏஜெண்ட் சொல்றாரு. சரிதானே?

தொகுப்பாளர்: பாதி சரி. கார்டு பணம் இல்ல, நீங்க இந்தக் கம்பெனி வாடிக்கையாளர்னு காட்டுற அடையாளம், அவ்வளவுதான். மருத்துவமனைக்கு வேண்டியது கம்பெனி அனுப்புற உத்தரவாதக் கடிதம். எல்லாரும் ‘ஜிஎல்’னு சொல்வாங்க.

தோழி: அது எப்போ வரும்?

தொகுப்பாளர்: டாக்டர் அட்மிட் பண்ணச் சொன்னதும் கவுண்டர்ல ஒரு பாரம் தருவாங்க. என்ன நோய், அறிகுறி எப்போ ஆரம்பிச்சது, முன்னாடி சிகிச்சை எடுத்திருக்கீங்களான்னு டாக்டர் அதுல எழுதுவாரு. மருத்துவமனை அதைக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி பாலிசியோட ஒப்பிட்டுப் பார்த்து, முதல்ல ஒரு தொகைக்குக் கடிதம் கொடுக்கும். வீட்டுக்குப் போற நாள்ல மொத்த பில்லைப் பார்த்து இறுதிக் கடிதம் வரும். அதுக்காகத்தான் டிஸ்சார்ஜ் அன்னைக்கு மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கோம்!

தோழி: கடிதம் வரலைன்னா?

தொகுப்பாளர்: மருத்துவமனை டெபாசிட் கேட்கும். ஆனா ஜிஎல் மறுத்தாங்கன்னா காப்புறுதியே மறுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த நேரத்துல முடிவு செய்யப் போதுமான தகவல் இல்லாம இருக்கலாம். நீங்க பணம் கட்டிட்டு, பிறகு மருத்துவ அறிக்கை, விவரமான பில், அசல் ரசீது வச்சுத் திரும்பக் கேட்கலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

தோழி: எந்த மாதிரி நேரத்துல மறுப்பாங்க?

தொகுப்பாளர்: பாலிசி எடுத்துக் கொஞ்ச நாள்லயே கேட்டாதான் சிக்கல் அதிகம். பொதுவா எந்த நோய்க்கும் முதல் 30 நாள் காத்திருக்கணும். விபத்துக்கு அது கிடையாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், கட்டி, கல், குடலிறக்கம், மூலம் மாதிரி சிலதுக்கு 120 நாள். பட்டியல் உங்க பாலிசியிலேயே இருக்கும். அதுக்குப் பிறகும் ஒரு கேள்வி வரும்: இந்த நோய் பாலிசிக்கு முன்னாடியே இருந்ததா?

தோழி: அங்கதான் எனக்குப் பயம். அப்பாவுக்கு 54 வயசு. மூணு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரு, கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு வெள்ளி கட்டி வாங்குறதுதான். ‘சின்ன விஷயம், எழுத வேணாம்’னு ஏஜெண்ட் சொல்றாரு.

தொகுப்பாளர்: எழுதுங்க. இதுல நான் ரெண்டு பேச்சு பேச மாட்டேன். அரசாங்க கிளினிக்லயும் அப்பாவுக்கு ரெக்கார்டு இருக்கு. பின்னாடி இருதயத்துக்கு அட்மிட் ஆனா, ‘எத்தனை வருஷமா பிரஷர்?’னுதான் டாக்டர் முதல்ல கேட்பாரு. அப்பா உண்மையைச் சொல்வாரு. அது அப்படியே அந்தப் பாரத்துல ஏறிடும்.

தோழி: அதுக்கு என்ன செய்வாங்க?

தொகுப்பாளர்: 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் இதைச் சொல்லுது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோட பதில் சொல்ல வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு. தெரிஞ்சே மறைச்சிருந்தா கம்பெனி ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், எந்தக் கோரிக்கையும் கொடுக்க வேண்டியதில்ல. கவனக்குறைவா விட்டிருந்தா வேற. உண்மை தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பாங்களோ அதை வச்சு முடிவு செய்வாங்க. கூடுதல் பிரீமியம் வாங்கியிருப்பாங்கன்னா, கொடுக்கிற தொகை அந்த விகிதத்துல குறையும். மூணு வருஷம் தினமும் சாப்பிட்ட மாத்திரையை மறந்துட்டேன்னு சொன்னா யார் நம்புவா?

தோழி: எழுதினா கார்டே கொடுக்க மாட்டாங்களோ?

தொகுப்பாளர்: மறுக்கவும் செய்யலாம். பிரீமியத்தைக் கூட்டலாம், இல்ல பிரஷர் சம்பந்தப்பட்டதை விலக்கிட்டு மத்ததுக்குக் கொடுக்கலாம். சில சமயம் டாக்டர் அறிக்கை கேட்பாங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதுவா இருந்தாலும் இப்பவே தெரிஞ்சுடுது.

தோழி: சரி, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு வச்சுக்குவோம். அப்பவும் கைக்காசு போகுமா?

தொகுப்பாளர்: கணக்காவே பார்ப்போம். அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், 120 நாள் தாண்டிடுச்சு, பில் 18,000 வெள்ளின்னு வைங்க. 2024 செப்டம்பர்ல இருந்து, செலவுல ஒரு பங்கை வாடிக்கையாளரும் ஏத்துக்கிற திட்டங்களைக் கம்பெனிகள் விற்பனைக்கு வைக்கணும்னு பேங்க் நெகாரா சொல்லியிருக்கு. பிரீமியம் குறையும், பில்லுல உங்க பங்கு வரும். 500 வெள்ளி உங்க பொறுப்புங்கிற திட்டம்னா நீங்க கட்டுறது 500, மீதி 17,500 கம்பெனி. ஐந்து விழுக்காடு திட்டம்னா 900. அதுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க. அவசர சிகிச்சைக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் இந்தப் பங்கு கிடையாது.

தோழி: ஆயிரத்துக்குள்ளதானே, சமாளிச்சுடலாம்.

தொகுப்பாளர்: அறையைப் பார்க்காம சொல்லாதீங்க! பாலிசியில அறைக்கு நாளுக்கு 150 வெள்ளின்னு போட்டிருக்கு. தனி அறை வசதியா இருக்கும்னு 250 வெள்ளி அறை எடுக்குறீங்க, நாலு நாள். வித்தியாசம் 400 உங்களோடது. சில பாலிசிகள்ல, அதுவும் பழையதுல, இன்னொரு வரி இருக்கும்: தகுதிக்கு மேல அறை எடுத்தா மத்த செலவுலயும் 20 விழுக்காடு உங்க பொறுப்பு. அறை வாடகை 1,000 போக மீதி 17,000. அதுல 20 விழுக்காடு 3,400. ஆக 3,800 வெள்ளி, ஓர் அறைக்காக.

தோழி: அம்மாடி! இதை யாருமே சொல்லலையே.

தொகுப்பாளர்: அட்மிஷன் கவுண்டர்லயும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு உங்க பாலிசி தெரியாது. ‘கார்டுல எவ்வளவு அறை?’ன்னு நீங்கதான் பார்த்து வச்சிருக்கணும்.

தோழி: நியாயமில்லாம மறுத்தா எங்க போறது?

தொகுப்பாளர்: முதல்ல கம்பெனியோட புகார்ப் பிரிவு. காரணத்தை எழுத்துல வாங்குங்க. இறுதி முடிவு பிடிக்கலைன்னா ஆறு மாசத்துக்குள்ள நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மனுக்குப் போகலாம். 2025 ஜனவரியில இருந்து இயங்குற அமைப்பு, வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்ல. வழி தெரியலைன்னா பேங்க் நெகாராவோட 1-300-88-5465 எண்ணுக்குக் கூப்பிடுங்க.

தோழி: அப்போ இன்னைக்குப் பாரத்தை என்ன செய்யட்டும்?

தொகுப்பாளர்: மாத்திரைப் பேரு, எந்த வருஷம் ஆரம்பிச்சது, எந்த கிளினிக், எல்லாம் எழுதுங்க. ஏஜெண்ட் நிரப்பித் தந்தாலும் அப்பா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும். ஒரு பிரதி எடுத்து வைங்க. பாலிசி கைக்கு வந்ததும் 15 நாள் இருக்கு. விலக்குப் பட்டியலையும் அறை வரம்பையும் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்.